நிஃப்டி புட் வாங்கப் போகிறவருக்கு: ஸ்மைல் வளைவில் எந்தப் படி மலிவு, எந்தப் படி விலை அதிகம்?

நிஃப்டி 25,000 புள்ளியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் குறியீட்டோடு ஏறக்குறைய ஒட்டி நகரும் 25 லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் இருக்கின்றன. அடுத்த 30 நாளுக்குள் சந்தை சரியும் என்ற பயம் உண்டு, ஆனால் பங்குகளை விற்க மனமில்லை. ஆப்ஷன் சங்கிலியைத் திறக்கிறீர்கள். 25,000 புட், 24,000 புட், 23,000 புட் என்று வரிசையாகத் தெரிகின்றன. கீழே போகப் போகப் பிரீமியம் குறைகிறது. பலர் இங்கேயே முடிவெடுத்துவிடுகிறார்கள்: 23,000 புட் மலிவு, அதை வாங்கிப் போட்டுவிடலாம்.

பக்கத்தில் ஐ.வி. என்ற பத்தி இருக்கும். ஆப்ஷனின் விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்ட, சந்தை எதிர்பார்க்கும் ஆண்டு ஏற்ற இறக்கம் அது. அதைப் பார்த்தால் கதை தலைகீழாக இருக்கும். ரூபாய்க் கணக்கில் எது மலிவோ அதுதான் ஐ.வி. கணக்கில் விலை அதிகம். இந்தப் பத்தியைப் படிக்கத் தெரிந்தால் எந்த ஹெட்ஜ் யாருக்குப் பொருந்தும் என்பது தெளிவாகும்.

ஒவ்வொரு ஸ்ட்ரைக்குக்கும், அதாவது ஒப்பந்தத்தில் குறித்த விலைக்கும், உரிய ஐ.வி.யை வரைந்தால் வரும் வளைவுக்குத்தான் ஸ்மைல் என்று பெயர். கணக்குக்காக அப்படியொரு வளைவை எடுத்துக்கொள்கிறேன். எண்கள் நான் வைத்துக்கொண்டவை. அமைதியான மாதங்களில் நிஃப்டியின் வளைவு ஏறக்குறைய இந்த வடிவத்தில் இருக்கும். எதிர்கால ஒப்பந்த விலையும் 25,000 என்று வைத்து, வட்டியை ஒதுக்கிவிட்டேன். ‘தட்டை விலை’ என்பது எல்லா ஸ்ட்ரைக்குக்கும் ஒரே 13% ஏற்ற இறக்கத்தைப் பிளாக்–ஷோல்ஸ் சூத்திரத்தில் போட்டால் வரும் பிரீமியம்.

| ஒப்பந்தம் (30 நாள்) | சந்தை ஐ.வி. | தட்டை விலை | சந்தை விலை |
|---|---|---|---|
| 25,000 புட் | 13% | 372 | 372 |
| 24,000 புட் | 15.5% | 63 | 106 |
| 23,000 புட் | 19% | 4 | 36 |
| 26,000 கால் | 11.5% | 72 | 48 |

24,000 புட் தட்டை விலையைவிட மூன்றில் இரண்டு பங்கு கூடுதல். 23,000 புட் ஒன்பது மடங்கு. மேலே உள்ள கால் ஆப்ஷனோ தட்டை விலையைவிட மலிவு. ஸ்மைல் என்று பெயர் வைத்திருந்தாலும் குறியீட்டு ஆப்ஷன்களில் இது இரு பக்கமும் சமமாக உயரும் வளைவு அல்ல. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்த சரிவு. அதனால்தான் சந்தைக்காரர்கள் இதை ஸ்க்யூ என்கிறார்கள்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1987 அக்டோபர் 19-க்கு முன்பு அமெரிக்கக் குறியீட்டு ஆப்ஷன்களில் இந்த வளைவு ஏறக்குறையத் தட்டையாகவே இருந்தது. அந்த ஒரே திங்கட்கிழமையில் எஸ் அண்ட் பி 500 குறியீடு 20 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. சூத்திரத்தின்படி அப்படியொரு நாள் பிரபஞ்சத்தின் ஆயுளுக்குள் வந்திருக்கவே கூடாது. அதன்பின் கீழே உள்ள ஸ்ட்ரைக்குகளின் புட்டைப் பழைய விலைக்கு விற்க யாரும் முன்வரவில்லை. வளைவு சாய்ந்தது, இன்றுவரை நிமிரவில்லை.

சூத்திரம் எங்கே தவறுகிறது என்பதை ஆப்ஷன் விற்பவரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் எளிதில் புரியும். புட் விற்றவர் தன்னைக் காத்துக்கொள்ள ஃப்யூச்சர்ஸை விற்றுவைப்பார். சந்தை இறங்க இறங்க இன்னும் கொஞ்சம் விற்பார். விலை படிப்படியாக இறங்கினால், இடையில் நிறுத்தமில்லாமல் அவரால் விற்க முடிந்தால், அவருடைய செலவு சூத்திரம் சொன்ன பிரீமியத்துக்குள் அடங்கும். சந்தை தாவி இறங்கினால் அடங்காது. 2024 ஜூன் 3 அன்று தேர்தல் கருத்துக்கணிப்புகளை நம்பி நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறியது. மறுநாள் வாக்கு எண்ணிக்கையின்போது ஏறக்குறைய 5.9% விழுந்தது. 2020 மார்ச் 23 அன்று காலையிலேயே 10% இறங்கியதால் வர்த்தகம் நிறுத்தப்பட்டது. மீண்டும் திறந்தபின் மேலும் இறங்கி, நாள் முடிவில் சரிவு 13 சதவீதத்தைத் தொட்டது. வர்த்தகம் நின்றிருக்கும் நேரத்தில் எந்தச் சூத்திரத்தாலும் ஃப்யூச்சர்ஸை விற்க முடியாது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. சந்தை இறங்கும்போது ஏற்ற இறக்கம் கூடுகிறது, ஏறும்போது குறைகிறது. நிஃப்டி உண்மையிலேயே 24,000-க்கு இறங்கினால், அந்த நாளில் 24,000 அட் தி மணி ஆகிவிடும். அப்போதைய ஐ.வி. 13% ஆக இருக்காது, 15 அல்லது 16 ஆக இருக்கும். 24,000 புட்டின் 15.5 என்ற எண் ஓரளவுக்கு அந்த எதிர்கால நிலையை முன்கூட்டியே விலையில் ஏற்றி வைத்திருப்பதுதான். 26,000-இன் 11.5-க்கும் காரணம் இதுவே. அங்கு போய்ச் சேரும் சந்தை பெரும்பாலும் நிதானமாக நடந்தே போயிருக்கும். மேலும், கையில் பங்கு வைத்திருப்பவர்கள் அதன்மேல் கால் விற்று வருமானம் தேடுவதால் அந்தப் பக்கம் விற்பவர்களுக்குப் பஞ்சமில்லை. புட் பக்கம் நிலைமை நேர்மாறு. பெரும்பாலான நிதி நிறுவனங்கள் பங்கு வைத்திருப்பவர்கள், எல்லோரும் ஒரே திசையில் பாதுகாப்பு தேடுகிறவர்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் இழப்பு வரும் ஆபத்தைத் தாங்க முன்வருகிறவர் அதற்குக் கூலி கேட்கிறார்.

ஆகவே கூடுதல் விலை முழுவதும் நியாயமற்ற சுமை அல்ல, முழுவதும் நியாயமானதும் அல்ல. அமெரிக்கக் குறியீடுகளின் நீண்ட கால வரலாற்றில் புட்களைத் தொடர்ந்து வாங்கிக்கொண்டே இருந்தவர்கள் சராசரியாகப் பணம் இழந்திருக்கிறார்கள் என்பது பலமுறை ஆராய்ந்து காட்டப்பட்ட விஷயம். அந்த இழப்புதான் விற்றவருக்குப் போய்ச் சேர்ந்த கூலி.

இனி முக்கியமான இடம். 25,000 புட்டின் 372 புள்ளி பிரீமியத்தை மூன்று படிகளாகப் பிரித்துப் பாருங்கள். முதல் படி 25,000-இலிருந்து 24,000 வரையிலான இழப்பை ஏற்பது. இதன் விலை 372 கழித்தல் 106, அதாவது 266. இரண்டாம் படி 24,000-இலிருந்து 23,000 வரை. இதன் விலை 70. மூன்றாம் படி 23,000-க்குக் கீழே எல்லாமும். இதன் விலை 36. இதையே தட்டை விலையில் செய்தால் 309, 59, 4 என்று வரும். இரண்டிலும் கூட்டுத்தொகை அதே 372 தான்!

இதைப் பார்த்தபின் ஸ்மைல் வேறு விதமாகத் தெரியும். அது ‘புட் எல்லாமே விலை அதிகம்’ என்று சொல்லவில்லை. சிறு சரிவின் விலையைக் குறைத்து, பெருஞ்சரிவின் விலையைக் கூட்டியிருக்கிறது. முதல் படி 43 புள்ளி மலிவு. இரண்டாம் படி 11 புள்ளி கூடுதல். மூன்றாம் படி 32 புள்ளி கூடுதல். சந்தை நினைப்பது இதுதான்: பெரும்பாலான மாதங்களில் ஒன்றும் ஆகாது, ஆனால் விழுந்தால் ஆழமாக விழும்.

எவ்வளவு ஆழம் என்பதையும் வளைவிலிருந்தே எடுக்கலாம். ஒரு புட்டின் விலை இரண்டின் பெருக்கல்: அந்த ஸ்ட்ரைக்குக்குக் கீழே முடியும் வாய்ப்பு, அப்படி முடிந்தால் சராசரியாக எத்தனை புள்ளி கீழே இருக்கும் என்பது. தட்டைக் கணக்கில் 23,000-க்குக் கீழே முடியும் வாய்ப்பு சுமார் 1.3%, சராசரி ஆழம் 300 புள்ளி. சாய்ந்த வளைவில், சரிவையும் சேர்த்துக் கணக்கிட்டால், வாய்ப்பு சுமார் மூன்றரை சதவீதம், ஆழம் ஏறக்குறைய 1,000 புள்ளி. ஒன்பது மடங்கு விலையில் வாய்ப்பின் பங்கு மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. மீதி மூன்று மடங்குக்கு மேல் ஆழத்தின் பங்கு. ஆற்றங்கரை வீட்டுக்குக் காப்பீடு கொடுப்பவர் வெள்ளம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று மட்டும் கேட்பதில்லை, வந்தால் தண்ணீர் எந்த மாடிவரை ஏறும் என்றும் கேட்கிறார்.

இங்கே ஒரு வழக்கமான தவறான வாசிப்பைச் சொல்லிவிட வேண்டும். திரையில் 23,000 புட்டின் டெல்டா, அதாவது குறியீடு ஒரு புள்ளி நகர்ந்தால் புட்டின் விலை நகரும் அளவு, 0.06 என்று காட்டும். அதை ‘ஆறு சதவீத வாய்ப்பு’ என்று படிப்பது பரவலான பழக்கம். தட்டையான வளைவில் அந்தப் பழக்கம் பெரிய தீங்கு செய்யாது. சாய்ந்த வளைவில், கீழே போகப் போக ஐ.வி. ஏறிக்கொண்டிருப்பதால், டெல்டா உண்மையான வாய்ப்பை மிகைப்படுத்துகிறது. எளிய மாற்று வழி உண்டு. அடுத்தடுத்த இரண்டு ஸ்ட்ரைக்குகளின் விலை வித்தியாசத்தை அவற்றின் இடைவெளியால் வகுத்துப் பாருங்கள். 24,000-க்கும் 23,000-க்கும் இடையே வித்தியாசம் 70, இடைவெளி 1,000. அந்த இடைவெளியில் ஏதோ ஒரு புள்ளிக்குக் கீழே முடியச் சந்தை தரும் வாய்ப்பு 7% என்று படிக்கலாம். இடைவெளியைச் சுருக்கச் சுருக்கக் கணக்கு கூர்மையாகும்.

இப்போது தேர்வுகளுக்கு வருவோம். லாட் அளவு அவ்வப்போது மாற்றப்படுவதால் ஒரு புள்ளிக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். 25 லட்சத்துக்கு அது சரியாகப் பொருந்தும்.

முதலாவது, 25,000 புட்டை அப்படியே வாங்குவது. 37,200 ரூபாய். மூன்று படியும் உங்களுடையது. ஸ்க்யூவுக்காக நிகரமாக ஒரு பைசா கூடக் கொடுக்கவில்லை. ஆனால் ஒரு மாதத்துக்கு முதலீட்டில் ஒன்றரை சதவீதம் போகிறது. ஒவ்வொரு மாதமும் இதைச் செய்கிறவர் பங்குச் சந்தையில் இருப்பதற்கே அர்த்தமில்லை. அதற்குப் பதில் பங்குகளில் பாதியை விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

இரண்டாவது, 24,000 புட். 10,600 ரூபாய். முதல் நான்கு சதவீத இழப்பை நீங்களே ஏற்கிறீர்கள், அதற்குக் கீழே எதுவும் உங்களைத் தொடாது. ஸ்க்யூவுக்காக மட்டும் நீங்கள் கொடுப்பது 4,300 ரூபாய். இந்தத் தொகைக்குத்தான் தாவி இறங்கும் சந்தையிலிருந்து முழுப் பாதுகாப்புக் கிடைக்கிறது.

மூன்றாவது, 25,000 புட் வாங்கி 24,000 புட் விற்பது. 26,600 ரூபாய். முதல் படி மட்டும். தட்டைக் கணக்கைவிட 4,300 ரூபாய் குறைவு, ஏனென்றால் மற்றவர்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் ஒப்பந்தத்தை இங்கே நீங்கள் விற்கிறீர்கள்.

நான்காவது, 24,000 வாங்கி 23,000 விற்பது. 7,000 ரூபாய். 15.5-க்கு வாங்கி 19-க்கு விற்பதால் ஸ்க்யூவின் சுமை 1,100 ரூபாயாகச் சுருங்குகிறது. பார்க்க அழகான ஒப்பந்தம், அதனால்தான் ஆலோசகர்கள் அதிகம் பரிந்துரைப்பதும் இதுவே. ஆனால் 3,600 ரூபாய்க்கு நீங்கள் விற்றுவிட்டது மூன்றாம் படி. உங்கள் பயம் எதைப் பற்றியதோ அது அந்தப் படியில்தான் குடியிருக்கிறது.

ஐந்தாவது, காலர்: 24,000 புட் வாங்கி 26,000 கால் விற்பது. 5,800 ரூபாய்தான் செலவு, ஆகவே மலிவு என்று தோன்றும். தட்டைக் கணக்கில் இந்த ஒப்பந்தம் உங்களுக்கு 900 ரூபாய் கொடுத்திருக்க வேண்டும். விலை அதிகமானதை வாங்கி, விலை குறைவானதை விற்பதால் ஸ்க்யூ இரண்டு பக்கத்திலும் உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. இந்தப் பட்டியலில் வளைவின் சுமையை அதிகம் தாங்குவது காலர்தான்: 6,700 ரூபாய். ‘செலவில்லாத காலர்’ என்று விற்கப்படும் ஒப்பந்தங்களில் கால் ஸ்ட்ரைக் ஏன் அவ்வளவு அருகில் வந்து நிற்கிறது என்பதற்கும் விடை இதுதான்.

நிஃப்டி 23,500-இல் முடிந்தால் என்ன ஆகும்? ஹெட்ஜ் இல்லாதவருக்கு இழப்பு 1,500 புள்ளி. 25,000 புட் வைத்தவருக்கு 372. முதல் படி ஸ்ப்ரெட் வைத்தவருக்கு 766. 24,000 புட், இரண்டாம் படி ஸ்ப்ரெட், காலர் மூன்றும் 1,058 முதல் 1,106 வரை நெருக்கமாகவே நிற்கின்றன. 23,000 புட் மட்டும் வாங்கியவர் 1,536 இழந்து, ஹெட்ஜே இல்லாதவரைவிடப் பின்தங்குகிறார்.

21,500-இல் முடிந்தால் படம் மாறும். ஹெட்ஜ் இல்லாத இழப்பு 3,500. 24,000 புட் வைத்தவருக்கு அதே 1,106. காலருக்கு அதே 1,058. இரண்டாம் படி ஸ்ப்ரெட்டுக்கு 2,570, முதல் படி ஸ்ப்ரெட்டுக்கு 2,766. 23,000 புட்டுக்கு 2,036. ஸ்ப்ரெட்டுக்கும் முழுப் புட்டுக்கும் இடையே 3,600 ரூபாய் சேமித்தவர் இங்கே ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபாய் கூடுதலாக இழக்கிறார். விலை அதிகம் என்று ஒதுக்கிய மூன்றாம் படியின் மதிப்பு அவ்வளவு.

என் தீர்ப்பு இப்படி. தேதி குறித்த நிகழ்வு ஏதும் இல்லை, மதிப்பீடுகள் உயர்ந்துவிட்டதால் மூன்று நான்கு சதவீதம் மெல்ல இறங்கலாம் என்று மட்டும் நினைத்தால் முதல் படி ஸ்ப்ரெட். வளைவு உங்களுக்கு ஆதரவாக வேலை செய்யும் ஒரே இடம் அது. தேர்தல் முடிவு, போர்ப் பதற்றம் போன்று ஒரே இரவில் தாவக்கூடிய பயம் என்றால் 24,000 புட்டை ஸ்க்யூவோடு சேர்த்து வாங்கிவிடுங்கள், கீழே எதையும் விற்காதீர்கள். 26,000 வந்தால் எப்படியும் விற்கப்போகிறேன் என்று உண்மையாகவே நினைப்பவருக்குக் காலர் சரி. விற்க மனமில்லாதவர் அதைச் ‘செலவு குறைவு’ என்பதற்காக எடுத்தால், நிஃப்டி 27,000-க்குப் போகும்போது 2,000 புள்ளி லாபத்தில் 942 மட்டும் கையில் நிற்கும்.

23,000 புட்டைத் தனியாக வாங்குவதை நான் ஹெட்ஜ் என்று எண்ணுவதில்லை. எட்டு சதவீத இழப்பைத் தாங்கிக்கொள்ளக்கூடியவர், கடன் வாங்கிப் பங்கு வைத்திருப்பதால் அதற்கு மேல் விழுந்தால் மார்ஜின் கட்ட முடியாமல் போகிறவர், அவருக்கு மட்டும் அதில் நியாயம் இருக்கிறது. மறுபக்கம், ‘ஒன்பது மடங்கு விலை அதிகம்’ என்று படித்துவிட்டு 23,000 புட்டை வெறுமனே விற்கப் போகிறவர்களும் உண்டு. மாதத்துக்கு மாதம் 3,600 ரூபாய் வரும். பின் ஒரு மாதம் 21,500 வரும், ஒன்றரை லட்சம் போகும். அதற்கு முன்பே ஐ.வி. ஏறியதால் மார்ஜின் தேவை பெருகி, தரகர் மோசமான விலையில் ஒப்பந்தத்தை மூடியிருப்பார்.

வளைவைப் படிக்கும்போது சில இடங்களில் கண் ஏமாறும். ஒரே ஸ்ட்ரைக்கின் காலும் புட்டும் மிகவும் வேறுபட்ட ஐ.வி. காட்டினால் அது சந்தையின் கருத்து அல்ல. திரை ஸ்பாட் விலையையும் பொருந்தாத ஒரு வட்டி விகிதத்தையும் வைத்துக் கணக்கிட்டிருக்கிறது. அதே காலாவதியின் ஃப்யூச்சர்ஸ் விலையை வைத்துக் கணக்கிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகும். தொலைவில் உள்ள ஸ்ட்ரைக்குகளில் கடைசியாக நடந்த வர்த்தகம் காலையில் நடந்ததாக இருக்கலாம். அந்த விலையிலிருந்து எடுத்த ஐ.வி. குப்பை. வாங்குவோர், விற்போர் கேட்கும் விலைகளின் நடுப்புள்ளியை எடுங்கள். இந்தியா விக்ஸ் எண்ணைத் தட்டை ஏற்ற இறக்கமாக எடுத்துக்கொள்வதும் பிழை. அது தொலைவு ஸ்ட்ரைக்குகளின் விலைகளையும் சேர்த்துக் கணக்கிடப்படுவதால் ஸ்க்யூவின் ஒரு பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது.

வாராந்திர வளைவையும் மாதாந்திர வளைவையும் ஒரே ஸ்ட்ரைக்கில் ஒப்பிடுவதும் வேண்டாம். 13% ஏற்ற இறக்கத்தில் 30 நாளுக்கான வழக்கமான நகர்வு சுமார் 3.7%, ஆகவே 24,000 ஏறக்குறைய ஒரு நகர்வின் தொலைவில்தான் இருக்கிறது. 7 நாளுக்கு அது 1.8%. அதே 24,000 இரண்டு நகர்வுக்கு மேல் தொலைவுக்குப் போய்விடுகிறது. வாராந்திர ஐ.வி. உயர்ந்து தெரிவதற்குப் பயம் கூடியது மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. டெல்டா 0.25 உள்ள புட்டின் ஐ.வி.யிலிருந்து டெல்டா 0.25 உள்ள காலின் ஐ.வி.யைக் கழித்து, அந்த வித்தியாசத்தை அதே கால அளவின் முந்தைய மாதங்களோடு ஒப்பிட்டால்தான் இன்று ஸ்க்யூ செங்குத்தா, சாதாரணமா என்று சொல்ல முடியும். அது வழக்கத்தைவிடச் செங்குத்தாக இருந்தால் முதல் படி ஸ்ப்ரெட்டின் பக்கம் சாயுங்கள். வழக்கத்தைவிடத் தட்டையாக இருக்கும் மாதங்களில் 24,000 புட்டை முழுதாக வாங்கிவைக்கலாம்.